மணலில் புதைந்த காரும் VSC OFF பொத்தானும்: இழுவைக் கட்டுப்பாட்டை எப்போது நிறுத்தலாம்?

ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம், முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரு சிறிய பொத்தான் இருக்கும். அதில் ஒரு கார் படம், அதன் பின்னால் நெளிந்த இரண்டு கோடுகள், கீழே OFF என்ற எழுத்து. டொயோட்டாவில் இதை VSC OFF என்பார்கள், ஹொண்டாவில் VSA OFF, நிசானில் VDC OFF, சுசுகியில் ESP OFF. பெயர் எதுவானாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஜப்பானிலிருந்து இறக்கிய காரை வாங்கியவர்களில் பலர் இதை ஒரு நாளும் தொட்டிருக்க மாட்டார்கள். அது நல்லதே. சிலர் இதை அழுத்தினால் 'பிக்கப்' கூடும் என்று நம்பி, ஏறி உட்கார்ந்ததும் அழுத்திவிட்டுத்தான் காரை எடுப்பார்கள். தார் வீதியில் அப்படி ஒரு குதிரைவலுவும் கூடாது. மழை நாளில் கார் சுழன்று போகும் வாய்ப்புத்தான் கூடும்.

இந்தப் பொத்தானுக்குப் பின்னால் இரண்டு வேறு வேறு காவல்கள் இருக்கின்றன. ஒன்று இழுவைக் கட்டுப்பாடு, மற்றது நிலைத்தன்மைக் கட்டுப்பாடு. மணலிலோ சுரியிலோ மாட்டிக்கொண்டால் முதலாவதை மட்டும் சிறிது நேரம் நிறுத்துவது உதவலாம். இரண்டாவதை நிறுத்தத் தேவைப்படும் இடம் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சாதாரணக் கார்க்காரருக்கு அநேகமாக வராது. ஆகவே எது எதைச் செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

இழுவைக் கட்டுப்பாடு பார்ப்பது சில்லை

நான்கு சில்லுகளுக்கும் அருகில் ஒவ்வொரு வேகச் சென்சர் இருக்கிறது. பிரேக் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸுக்காகப் பூட்டிய அதே சென்சர்கள்தான் இவை. முன்சில்லு இழுக்கும் காரில் முன்சில்லுகள் பின்சில்லுகளைவிட வேகமாகச் சுழன்றால், அவை நிலத்தைப் பிடிக்காமல் வெறுமனே சுற்றுகின்றன என்று கணினி முடிவுகட்டும். உடனே அது இரண்டு வேலைகளில் ஒன்றையோ இரண்டையுமோ செய்யும். இஞ்சினின் வலுவைக் குறைக்கும். அல்லது வீணாகச் சுற்றும் சில்லுக்கு மட்டும் பிரேக் போடும். டாஷ்போர்டில் அந்தக் கார் படம் மினுங்கினால் இந்த வேலை நடக்கிறது என்று அர்த்தம். மினுங்குவது பழுது இல்லை.

இந்தப் பிரேக் போடும் வேலையைப் புரிந்துகொண்டால் மிச்சம் எல்லாம் எளிது. இஞ்சினின் வலுவை இரண்டு பக்கச் சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்சியல். சாதாரணக் காரில் அது இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் எப்போதும் சமமான விசையைத்தான் கொடுக்கும். இடது சில்லு சுரியில் நிற்கிறது, அது 100 அலகு விசையைத்தான் தாங்கும் என்று வையுங்கள். வலது சில்லு கிரவலில் நிற்கிறது, அது 600 தாங்கும். ஆனால் சுரியில் நிற்கும் சில்லு 100க்கு மேல் எதிர்க்காது என்பதால், கிரவலில் நிற்பதற்கும் 100 மட்டுமே கிடைக்கும். மொத்தம் 200 அலகு. கார் அசையாது, இடது சில்லு மட்டும் சேற்றை வாரி இறைக்கும்.

இப்போது இழுவைக் கட்டுப்பாடு அந்த இடது சில்லுக்கு 300 அலகு அளவுக்குப் பிரேக் போடுகிறது என்று வைப்போம். டிஃபரன்சியலுக்கு அந்தப் பக்கத்தில் 100 உடன் 300 சேர்த்து 400 அலகு எதிர்ப்புத் தெரியும். எனவே வலது சில்லுக்கும் 400 போகும். நிலத்தில் படும் விசை இடது 100, வலது 400, மொத்தம் 500. கார் வெளியே வந்துவிடும். ஒரு சில்லு மட்டும் வழுக்கும் இடத்தில் இந்தப் பொத்தானைத் தொடக்கூடாது என்பதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். வயல் வீதியோரத்தில் ஒரு பக்கம் இறங்கிவிட்ட காரில் ஆத்திரத்தில் VSC OFF அழுத்துகிறவர், தனக்கு உதவி செய்துகொண்டிருந்த ஒரே பொருளை நிறுத்திவிடுகிறார். கட்டுப்பாடு நடைமுறையில் இருக்கும்போது அக்சிலேட்டரைச் சீராக மிதித்துக்கொண்டே சில வினாடி பொறுக்க வேண்டும். விட்டுவிட்டு மிதித்தால் பிரேக் வேலை ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரே சில்லுக்கு நெடுநேரம் பிரேக் விழுந்துகொண்டிருந்தால் அந்தப் பிரேக் கொதிக்கும். கணினி அந்தச் சூட்டைக் கணக்குப் போட்டுச் சிறிது நேரத்துக்குத் தானே வேலையை நிறுத்திவிடும். அப்போது லைட் மினுங்காமல் நிலையாக எரியலாம். கார் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் ஆறவிட்டால் மீண்டும் வேலை செய்யும்.

நிலைத்தன்மைக் கட்டுப்பாடு பார்ப்பது காரின் போக்கை

இதற்குச் சில்லுச் சென்சர்கள் மட்டும் போதாது. ஸ்டியரிங் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்று சொல்ல ஒன்று, கார் தன்னைத்தானே எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்ல ஒன்று, பக்கவாட்டில் எவ்வளவு தள்ளப்படுகிறது என்று சொல்ல ஒன்று என்று மேலதிகச் சென்சர்கள் இருக்கின்றன. நீங்கள் போக நினைக்கும் திசையை ஸ்டியரிங் சொல்கிறது. கார் உண்மையில் போகும் திசையை மற்றவை சொல்கின்றன. இரண்டும் பொருந்தாவிட்டால் கணினி ஒரேயொரு சில்லுக்குப் பிரேக் போட்டுக் காரைத் திருப்பும்.

இரவில் அக்கரைப்பற்றிலிருந்து பொட்டுவில் போகும்போது வீதியில் எருமை நிற்கிறது. சடாரென்று வலப்பக்கம் வெட்டி, உடனே இடப்பக்கம் திருப்பி உங்கள் பாதைக்கு வருகிறீர்கள். அந்த இரண்டாவது திருப்பலில்தான் காரின் பின்பக்கம் வீசும். அப்போது கட்டுப்பாடு வெளிப்பக்க முன்சில்லுக்கு, அதாவது வலது முன்சில்லுக்குப் பிரேக் போட்டு வீச்சை நிறுத்தும். மாறாக, ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே போனால் உட்பக்கப் பின்சில்லுக்குப் பிரேக் விழும். எந்தக் கெட்டிக்காரச் சாரதியும் ஒரு காலால் நான்கு சில்லுகளுக்கு வெவ்வேறு பிரேக் போட முடியாது. 1997இல் சுவீடனில் நடந்த இதே மாதிரியான வெட்டித் திருப்பும் சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. அதன்பிறகு அந்தச் சின்னக் காரின் எல்லா வகைகளிலும் இந்தக் கட்டுப்பாடு பூட்டப்பட்டது. அவர்கள் அந்தச் சோதனைக்குக் காட்டு மானின் பெயரை வைத்தார்கள். இங்கே என்றால் எருமையின் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும்.

பெரும்போக அறுவடைக் காலத்தில் வீதியோரங்களில் நெல் காயப்போட்டிருக்கும். இடப்பக்கச் சில்லுகள் இரண்டும் நெல்லில் ஏறிய நிலையில் பிரேக் அடித்தால், தாரில் நிற்கும் வலப்பக்கச் சில்லுகள்தான் நன்றாகப் பிடிக்கும். கார் வலப்பக்கம், எதிரே வரும் பஸ்ஸின் பக்கம் இழுக்கப்படும். அந்த இழுப்பைக் கண்டுபிடித்து அடக்குவதும் ஏபிஎஸ்ஸும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் சேர்ந்து செய்யும் வேலை. இரண்டும் இருந்தாலும் நெல்லின் மேல் டயருக்குக் கிடைக்கும் பிடி அவ்வளவுதான். இந்தக் கட்டுப்பாடுகள் இருக்கிற பிடியைப் பங்கிட்டுக் கொடுக்கும், இல்லாத பிடியை உண்டாக்காது. தேய்ந்த டயரோடு மாரி மழையில் 90இல் போகிறவரை இவை காப்பாற்றப் போவதில்லை. டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கினால் எந்தச் சில்லுக்குப் பிரேக் போட்டும் பலன் இல்லை.

ஒரே பொத்தான், இரண்டு நிலைகள்

பெரும்பாலான டொயோட்டாக்களில் பொத்தானை ஒரு தடவை அழுத்தி விட்டால் இழுவைக் கட்டுப்பாடு மட்டும் நிற்கும். டாஷ்போர்டில் TRC OFF என்று வரும். கார் நிற்கும்போது மூன்று வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் சேர்ந்து நிற்கும், VSC OFF லைட்டும் எரியும். முதல் நிலையில் கார் வேகம் பிடித்ததும் இழுவைக் கட்டுப்பாடு தானாகவே திரும்ப வந்துவிடும். இரண்டாவது நிலையில் அப்படி வராது. நீங்கள் மீண்டும் அழுத்த வேண்டும், அல்லது இஞ்சினை நிறுத்தி எடுக்க வேண்டும். கடற்கரையில் அழுத்திப் பிடித்துவிட்டு, மறந்துபோய், அப்படியே பிரதான வீதியில் ஏறி வீட்டுக்குப் போவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

மற்ற நிறுவனங்களின் கார்களில் எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும், எது எது நிற்கும் என்பது மாறும். ஹொண்டாவில் பீப் சத்தம் கேட்கும்வரை பிடிக்க வேண்டியிருக்கும். உங்கள் காரில் எப்படி என்பதை வீட்டு வாசலில் நிறுத்திவைத்து ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும் காரில் பரீட்சை செய்ய வேண்டாம். சில ஹைபிரிட் கார்களில் இந்தப் பொத்தானே இருக்காது. கியரையும் அக்சிலேட்டரையும் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் அழுத்தி இழுவைக் கட்டுப்பாட்டை நிறுத்தும் வித்தையைக் காட்டும் வீடியோக்கள் உண்டு. அது கராஜில் உருளையின் மேல் வைத்துப் பரிசோதிப்பதற்கான முறை. மணலில் அதைப் போட்டு, வெறுமனே சுற்றிக்கொண்டிருந்த சில்லு திடீரென்று கெட்டி நிலத்தைப் பிடித்தால், அந்த அடி முழுவதும் மின்மோட்டருக்கும் கியர்ப்பெட்டிக்கும் போகும். அந்தக் கார்க்காரர் கீழே சொல்லும் முறையில் பொத்தான் விஷயத்தை விட்டு மற்றதையெல்லாம் செய்தால் போதும். அநேகமாக அதுவே காரை வெளியே எடுத்துவிடும்.

கல்லடி மணலில் மாட்டிய கார்

கல்லடி, நாவலடிப் பக்கம் தார் முடிந்து கடற்கரை மணல் தொடங்கும் இடத்தில், சவுக்கு நிழலுக்காகக் காரை ஐந்தாறு மீற்றர் உள்ளே விடுகிறார்கள். விட்ஸ் அளவான, முன்சில்லு இழுக்கும், ஏறக்குறைய 1000 கிலோ எடையுள்ள ஓட்டோ கியர் கார். போகும்போது வேகத்தில் போய்விட்டது. திரும்பும்போது எடுபடவில்லை. அக்சிலேட்டரை மிதித்தால் முன்சில்லு கால் சுற்றுச் சுற்றுகிறது, லைட் மினுங்குகிறது, இஞ்சின் சத்தம் அடங்கிப்போகிறது. இன்னும் அழுத்தி மிதித்தாலும் அதே கதைதான்.

என்ன நடக்கிறது? கெட்டித் தாரில் 1000 கிலோ காரை மெதுவாக உருட்ட 10, 15 கிலோ எடையளவு தள்ளுவிசை போதும். உலர்ந்த பொலபொல மணலில் 200 கிலோவுக்கு மேலும் தேவைப்படலாம். அந்த விசையைக் கொடுக்க மணலில் சில்லு கொஞ்சம் கூடுதலாகச் சுற்றியே ஆக வேண்டும். ஆனால் இழுவைக் கட்டுப்பாடு தார் வீதிக்குப் பொருத்தமாக அமைக்கப்பட்டது. சில்லு சிறிது சுற்றினாலே வலுவைக் குறைக்கிறது. இங்கே இரண்டு முன்சில்லுகளும் ஒரே மணலில், ஒரே மாதிரி வழுக்குகின்றன. ஆகவே பிரேக் போட்டு ஒன்றிலிருந்து மற்றதற்கு விசை மாற்றுவதிலும் பயன் இல்லை. இஞ்சினை அடக்குவது மட்டும்தான் மிஞ்சுகிறது. இதுதான் பொத்தானை அழுத்த வேண்டிய இடம்.

ஆனால் பொத்தானை எடுத்த எடுப்பில் அழுத்தக்கூடாது. அழுத்திவிட்டு மிதித்தால் சில்லு தன் குழியைத் தானே தோண்டிக் காரின் வயிற்றை மணலில் உட்காரவைத்துவிடும். முதலில் இறங்கிக் குனிந்து அடிப்பகுதியைப் பாருங்கள். அடித்தட்டு மணலில் உட்கார்ந்திருந்தால் சில்லில் பாரம் இல்லை என்று பொருள். அந்த நிலையில் எந்தப் பொத்தானும் உதவாது. கையாலோ மண்வெட்டியாலோ அடியில் இருக்கும் மணலை எடுத்தே ஆக வேண்டும். ஜக் வைத்துத் தூக்குவதென்றால் ஜக்கின் கீழே ஒரு பலகை வையுங்கள். பலகை இல்லாமல் வைத்தால் கார் மேலே வராது, ஜக்தான் கீழே போகும். தூக்கிய காரின் அடியில் தலையையோ கையையோ நுழைக்க வேண்டாம்.

அடுத்தது எந்தப் பக்கம் எடுப்பது என்ற கேள்வி. வந்த வழியே பின்னால் எடுப்பதுதான் பெரும்பாலும் சரி. உங்கள் சில்லுத் தடம் மணலை ஏற்கனவே அமுக்கி வைத்திருக்கிறது. அதோடு, ரிவர்ஸில் எடுக்கும்போது காரின் பாரம் முன்பக்கம் சாயும், முன்சில்லு இழுக்கும் காருக்கு அது கூடுதல் பிடி. ஸ்டியரிங்கை நேராக்குங்கள். திரும்பிய சில்லு மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நான்கு சில்லுகளுக்கும் பின்னால் ஓர் அடி, ஒன்றரை அடி நீளத்துக்குச் சரிவாக மணலை வாரி எடுங்கள். பின்சில்லுகளையும் விட வேண்டாம். அவை இழுக்காவிட்டாலும் மணல்மேட்டில் முட்டி நிற்பது அவைதான்.

பிறகு காற்று. மணலில் செய்யக்கூடிய வேலைகளில் மிகப் பெரிய பலன் தருவது இதுதான். பொத்தானைவிடப் பல மடங்கு முக்கியம். சாரதிக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் 33 பிஎஸ்ஐ என்றிருந்தால், நான்கு டயர்களிலும் 20க்கு இறக்குங்கள். வால்வின் நடு ஊசியைத் திறப்பு முனையால் அழுத்தினால் காற்று போகும். அளக்க ஒரு சின்ன கேஜ் காரிலேயே இருக்கட்டும். காற்றுக் குறைந்த டயர் நீளவாக்கில் பரந்து மணலின் மேல் மிதக்கும், அமிழாது. 18க்குக் கீழே சாதாரண டயரை இறக்க வேண்டாம், திருப்பத்தில் விளிம்பிலிருந்து கழன்றுவிடும்.

அக்கம்பக்கத்தில் கிடுகோ தென்னோலையோ சாக்கோ கிடைத்தால் முன்சில்லுகளுக்குப் பின்னால், டயர் ஏறிப் பிடிக்கும்படி நெருக்கிச் செருகுங்கள். ஆட்களை இறக்கிவிடுங்கள். தள்ளுகிறவர்கள் பொனட்டின் நடுவில் கைவைத்துத் தள்ளட்டும், சில்லுக்கு நேர் எதிரே நிற்கக்கூடாது. ரிவர்ஸில் சுற்றும் முன்சில்லு மணலையும் மட்டைத் துண்டையும் முன்னால்தான் வீசும்.

இப்போதுதான் பொத்தான். இஞ்சின் ஓடட்டும், ஒரு தடவை அழுத்தி விடுங்கள், TRC OFF என்று வந்ததா என்று பாருங்கள். ரிவர்ஸ் போட்டு அக்சிலேட்டரை மெதுவாக, ஆனால் விடாமல் மிதியுங்கள். சில்லு கொஞ்சம் சுற்றும், கார் அசையத் தொடங்கும். அசைந்தால் காலை எடுக்காதீர்கள், அதே அளவில் பிடித்துக் கெட்டி நிலம்வரை போய்விடுங்கள். நடுவில் நிறுத்திச் சந்தோசப்பட்டால் மறுபடியும் புதையும். கைக்கியர் கார் என்றால் முன்னால் எடுக்கும்போது முதல் கியரைவிட இரண்டாவது கியர் நல்லது, சில்லு வெறித்துச் சுற்றாது.

கார் அரை அடி வந்து நின்றுவிட்டால் ஆட்டி எடுக்கும் முறையைப் பாருங்கள். பின்னால் போனது நின்றதும் D போட்டு முன்னால் அரை அடி, அது நின்றதும் R போட்டுப் பின்னால் முக்கால் அடி. இழுவைக் கட்டுப்பாடு ஓடும்போது இந்த ஊஞ்சலை அது ஒவ்வொரு முறையும் அடக்கிவிடும், ஆகவே அதை நிறுத்துவதன் பலன் இங்கேதான் நன்றாகத் தெரியும். கியர் மாற்றும்போது சில்லு முழுவதும் நின்றிருக்க வேண்டும். சுற்றிக்கொண்டிருக்கும்போதே R இலிருந்து D க்குத் தட்டினால் கியர்ப்பெட்டி அடி வாங்கும். ஐந்தாறு ஆட்டத்தில் கார் முன்னேறவில்லை என்றால் நிறுத்துங்கள். சிவிடி கியர்ப்பெட்டி இந்த வேலையில் சீக்கிரம் சூடாகும். எரிந்த வாடை வந்தாலும் நிறுத்துங்கள்.

வேகமானியையும் கவனிக்க வேண்டும். ஒரு சில்லு நின்று மற்றது மட்டும் சுற்றும்போது, பல கார்களில் வேகமானி இரண்டின் சராசரியைத்தான் காட்டும். அது 30 காட்டினால் அந்த ஒற்றைச் சில்லு 60 வேகத்தில் சுற்றுகிறது. அந்த வேகத்தில் டிஃபரன்சியலின் உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள் எண்ணெய் வற்றித் தேயும், டயர் கிழியவும் கூடும். முள் 20ஐத் தாண்டவே விடாதீர்கள்.

தாருக்கு வந்ததும் பொத்தானை மறுபடி அழுத்தி, லைட் போனதா என்று பாருங்கள். காற்று நிரப்பும் கடைவரை 30க்கு மேல் போகாமல், கூர்மையாகத் திருப்பாமல் ஓட்டுங்கள். 20 பிஎஸ்ஐயோடு 80இல் ஓடினால் டயரின் பக்கச்சுவர் கொதித்து வெடிக்கும்.

இவ்வளவும் செய்து எடுபடாவிட்டால் இழுக்க ஆள் பிடிப்பதுதான் வழி. ஊரில் உழவு இயந்திரம் கிடைப்பது கஷ்டமில்லை. கயிற்றை அச்சிலோ சில்லைத் தாங்கும் கம்பியிலோ கட்ட விடாதீர்கள். டிக்கிக்குள் கருவிகளோடு திருகிப் பூட்டும் கொக்கி இருக்கிறதா என்று தேடி, பம்பரில் அதற்கான சிறிய மூடியைக் கழற்றிப் பூட்டுங்கள். உழவு இயந்திரக்காரரிடம் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள், வெட்டி இழுத்தால் கொக்கி பிடுங்கிக்கொண்டு வரும்.

குளக்கட்டில் ஏறும் களிமண் பாதை

பொத்தான் உதவும் இன்னொரு இடம் இது. மாரியில் நனைந்த களிமண் டயரின் பள்ளங்களை அடைத்துவிடும். டயர் மொட்டையாகிவிடும். சில்லு கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் அந்தக் களி வீசப்பட்டுப் பள்ளங்கள் மீண்டும் திறக்கும். இழுவைக் கட்டுப்பாடு அப்படிச் சுற்ற விடாது, மொட்டை டயரோடேயே மெதுவாக ஏறச் சொல்லும்.

ஆனால் முதல் தடவை கட்டுப்பாட்டோடேயே ஏறிப் பாருங்கள். சமதரையில் கொஞ்சம் வேகம் எடுத்து, சரிவில் கியர் மாற்றாமல், சீராக. பாதிச் சரிவில் லைட் மினுங்கி இஞ்சின் அடங்கி நின்றால், ஸ்டியரிங்கைத் திருப்பாமல் ரிவர்ஸில் நேராகக் கீழே இறங்குங்கள். இரண்டு பக்கச் சில்லுத் தடத்தையும் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வழுக்கியிருந்தால் TRC OFF போட்டு ஒரு தடவை முயலலாம். ஒரு பக்கம் மட்டும் வழுக்கியிருந்தால் கட்டுப்பாட்டை ஓடவிட்டு, அந்தப் பக்கத்துக்குக் கிரவலோ கல்லோ போடுவதுதான் வழி. இங்கே பொத்தானை அழுத்திப் பிடித்து நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டையும் நிறுத்துவது மடத்தனம். கட்டின் மேல் பக்கவாட்டில் வழுக்கினால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வாய்க்கால். இரண்டாவது முயற்சியும் தோற்றால் காரைக் கீழே விட்டு நடந்து போங்கள்.

நான்கு சில்லும் இழுக்கும் வாகனங்களில் நிலைமை கொஞ்சம் வேறு. பலவற்றில் 4L போட்டதும் கணினியே இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திவிடும். பாணமையிலிருந்து ஒக்கந்தைப் பக்கம் போகிறவர்கள் தங்கள் வாகனத்தின் கைநூலில் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

லைட் அணையாமல் எரிந்தால்

திறப்பைத் திருப்பியதும் அந்தக் கார் படம் சில வினாடி எரிந்து அணைய வேண்டும். பாவித்த கார் வாங்கப் போகிறவர் முதலில் இதைப் பாருங்கள். எரியவே இல்லை என்றால் அந்தக் காரில் இந்த வசதி இல்லை, அல்லது யாரோ பழுதை மறைக்க லைட்டைக் கழற்றியிருக்கிறார்கள். பொத்தான் இருந்தும் லைட் எரியாவிட்டால் இரண்டாவது நடந்திருக்கலாம்.

ஓடும்போது நிலையாக எரிந்தால், முதலில் பொத்தான் தவறி அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வயல் பாதையில் போய்வந்த பிறகு எரிந்தால், சில்லுச் சென்சரைச் சுற்றிக் களி இறுகியிருக்கலாம், நன்றாகக் கழுவினாலே போய்விடும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று அந்தச் சென்சரின் வயர்ப் பொருத்தியைப் பச்சை பூக்க வைக்கும், அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு சில்லில் மட்டும் வேறு அளவு டயர் பூட்டியிருந்தால், அது எப்போதும் வேறு வேகத்தில் சுற்றுவதாகக் கணினி நினைக்கும். பற்றரியைக் கழற்றி மாட்டிய பிறகோ அலைன்மென்ட் பார்த்த பிறகோ எரிந்தால், ஸ்டியரிங் சென்சர் நேர்நிலையை மறந்திருக்கிறது. சில கார்களில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பிவிட்டுச் சிறிது தூரம் நேராக ஓட்டினால் சரியாகும். மற்றவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும்.

செக் இஞ்சின் லைட்டும் இதுவும் ஒன்றாக எரிந்தால் பிரேக் சென்சர்களைத் தேடி அலைய வேண்டாம். டொயோட்டாவில் இது வழக்கம்: இஞ்சினில் பழுது வந்தால், அதன் வலுவை நம்பிக் கட்டுப்படுத்த முடியாது என்று கணினி இந்த இரண்டு கட்டுப்பாடுகளையும் நிறுத்திவைக்கும். கராஜில் முதலில் இஞ்சினின் பழுதுக் குறியீட்டை வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பழுது தீர்ந்தால் மற்ற லைட்டும் தானாக அணையும். அதுவரை மழையில் மெதுவாக ஓட்டுங்கள், உங்களுக்குப் பின்னால் அந்தக் காவல் இல்லை.